ஆட்டத்தில் கொட்டிய தேநீர்: கேபின் குரூ காய அறிக்கை எழுதும் முறை

விமானம் ஆடியபோது கையில் தேநீர் வைத்திருந்த பயணிக்குக் காயம். தரையிறங்கியதும் அறிக்கை எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் இப்படித்தான் எழுதித் தருகிறார்கள்: "கடுமையான டர்புலன்ஸின்போது பயணிக்குச் சிறு தீக்காயம். முதலுதவி அளிக்கப்பட்டது. பயணி நலமுடன் இறங்கிச் சென்றார்."

மூன்று வாக்கியங்கள், மூன்றிலும் கோளாறு. "கடுமையான" என்பது விமானத் துறையில் வரையறை உள்ள ஒரு நிலை. "சிறு" என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. "நலமுடன்" என்று எழுதிய அன்றிரவே அந்தப் பயணியின் தொடையில் கொப்புளம் கிளம்பலாம். சாங்கியிலிருந்து பறக்கும் இளையவர்களின் அறிக்கைகளைப் படித்துத் திருப்பி அனுப்பும் வேலை என்னிடம் வருவதால், எங்கே சறுக்குகிறார்கள் என்று தெரியும். நீளம் போதாதது பிரச்சினையே இல்லை. கண்ணால் கண்டதை விட்டுவிட்டு முடிவை எழுதிவிடுவதுதான் பிரச்சினை.

கீழே ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொண்டு, கப் சாய்ந்த நொடியிலிருந்து அறிக்கையைச் சமர்ப்பிப்பது வரை போகலாம். உண்மையில் அறிக்கை ஆங்கிலத்தில்தான் போகும். மாதிரி வரிகளை இங்கே தமிழில் தருகிறேன்.

நிகழ்வு

சிங்கப்பூரில் பதிவான விமானம், சிங்கப்பூர் – சென்னை இரவுப் பயணம். உலகப் பொது நேரம், அதாவது யூடிசி, 12:40-க்குக் கிளம்பி 16:30-க்குத் தரையிறங்குகிறது. சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு 12:30, சென்னையில் இரவு 10:00. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகு, கேட்டவர்களுக்குத் தேநீர் ஊற்றுகிறார்கள். விமானம் வங்காள விரிகுடா மேல், கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. 43சி இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. விமானம் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டதில் கப்பிலிருந்த தேநீர் அவருடைய வலது தொடையில் கொட்டிவிடுகிறது.

முதலில் காயம், அதோடு நேரம்

வெந்நீர்க் காயத்துக்கு முதலுதவி எல்லாருக்கும் பாடம்தான்: தோலில் ஒட்டாத ஈரத் துணியை விலக்கி, குளிர்ந்த நீரால் 20 நிமிடம் ஆற்ற வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. பக்கத்து இருக்கை ஆண்டி பற்பசையோ வேறு எதுவோ நீட்டினால் பணிவாக மறுத்துவிடுங்கள். கழிவறைக் குழாயில் தொடையைக் காட்ட முடியாது என்பதால், குடிநீர் பாட்டிலைத் திறந்து சுத்தமான துணியை நனைத்து, அது சூடேறச் சூடேற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அறிக்கைக்கு இதிலிருந்து தேவைப்படுவது ஆற்றத் தொடங்கிய நேரமும் நிறுத்திய நேரமும். இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். ஏன் என்றால், ஆட்டம் பலமாக இருக்கும்போது குரூவும் உட்கார்ந்து பெல்ட் போட்டாக வேண்டும். கேப்டன் எழலாம் என்று சொல்லும்வரை பயணியிடம் போக முடியாது. நம் நிகழ்வில் அந்த இடைவெளி 6 நிமிடம். அதை எழுதினால் தாமதமாகப் போனோம் என்று ஆகிவிடுமோ என்ற பயத்தில், "உடனடியாக முதலுதவி" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் குரூவை உட்காரச் சொன்ன அறிவிப்பு எத்தனை மணிக்கு வந்தது என்பதை மற்ற குரூவும் கேப்டனும் எழுதியிருப்பார்கள், இரண்டும் மோதும். உண்மையை அப்படியே எழுதினால் அதில் குறை எதுவும் இல்லை:

"14:52 முதல் 14:58 வரை கேப்டனின் அறிவிப்பின்படி குரூ இருக்கையில் பெல்ட் போட்டு அமர்ந்திருந்தேன். ஈரத் துணியைத் தோலிலிருந்து தூக்கிப் பிடிக்குமாறும் கையிலிருந்த குடிநீரை ஊற்றுமாறும் அங்கிருந்தே பயணியிடம் குரல் கொடுத்தேன். 14:58-க்கு எழ அனுமதி வந்தது. 14:59-க்கு ஆற்றத் தொடங்கினேன். 15:19 வரை தொடர்ந்தேன்."

நேரங்களை அப்போதைக்கப்போதே எதிலாவது கிறுக்கி வையுங்கள், கைக்குட்டைத் தாளாக இருந்தாலும் சரி. எல்லாமே யூடிசியில் இருக்கட்டும். சிங்கப்பூர் நேரத்துக்கும் சென்னை நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம், இரண்டையும் கலந்து எழுதிய அறிக்கையை யாராலும் விமானத்தின் தரவுப் பதிவோடு பொருத்திப் பார்க்க முடியாது.

பொருத்திப் பார்ப்பது எவ்வளவு நுணுக்கமாக நடக்கும் என்பதற்கு 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ321 விமானம் சாட்சி. மியன்மார் மேல் அது கடுமையான ஆட்டத்தில் சிக்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள், விமானம் பேங்காக்குக்குத் திருப்பிவிடப்பட்டது. சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு சில நாள்களிலேயே முதல்கட்ட விவரங்களை வெளியிட்டது. செங்குத்து விசை 0.6 நொடிக்குள் கூட்டல் 1.35 ஜி-யிலிருந்து கழித்தல் 1.5 ஜி-க்குப் போனது என்று அதில் இருந்தது. கழித்தல் என்றால், பெல்ட் போடாதவர்கள் கூரையை நோக்கி எறியப்படும் நிலை. அதே அறிக்கைப்படி அந்தத் தருணத்தில் விமானம் இழந்த உயரம் 178 அடிதான். முதல் நாள் செய்திகளிலோ 6,000 அடி "விழுந்தது" என்று ஓடியது. ஆகவே "விமானம் திடீரென்று கீழே விழுந்தது" என்று நீங்கள் எழுத வேண்டாம். உயரத்தைக் கருவி சொல்லும். உங்கள் கால் தரையை விட்டுக் கிளம்பியதா, தள்ளுவண்டி நகர்ந்ததா என்பதைச் சொல்லக் கருவிக்கு வழி இல்லை, அதற்குத்தான் நீங்கள்.

ஆட்டம் எவ்வளவு என்பதைக் கப்பை வைத்துச் சொல்லுங்கள்

கேபினுக்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது. விமானியின் அளவுகோலைவிட அது நமக்கு எளிது. கப்பில் உள்ள திரவம் தளும்புகிறது, ஆனால் வெளியே சிந்தவில்லை, தள்ளுவண்டியைச் சிரமமில்லாமல் தள்ள முடிகிறது என்றால் லேசான ஆட்டம். திரவம் கப்பிலிருந்து வெளியே தெறிக்கிறது, எதையாவது பிடிக்காமல் நிற்க முடியவில்லை, வண்டி இழுக்கிறது என்றால் நடுத்தரம். கட்டிவைக்காத பொருள்கள் பறக்கின்றன, நடக்கவே முடியாது, பெல்ட் உடம்பை வெட்டுகிறது என்றால் கடுமை.

நம் நிகழ்வில் தேநீர் தெறித்தது, வேறு எதுவும் பறக்கவில்லை. அப்படியானால் அது நடுத்தரம். ஆனால் அந்தச் சொல்லைத் தனியாக விட்டுவிடாமல், கண்டதையும் சேர்த்து எழுதுங்கள்: "41 முதல் 45 வரையிலான வரிசைகளில் நான் பார்த்த கப்புகளில் திரவம் வெளியே தெறித்தது. தள்ளுவண்டி பின்சமையலறையில் பூட்டி இருந்தது, நகரவில்லை. நான் 42-ஆம் வரிசையில் இருக்கை முதுகைப் பிடித்து நின்றேன்." நீங்கள் எந்த வரிசையில் நின்றீர்கள் என்பது முக்கியம். வால்பகுதியில் ஆட்டம் அதிகம் தெரியும். விமானி அறையில் "லேசானது" என்று பதிவானதும், பின்னால் நீங்கள் "நடுத்தரம்" என்று எழுதியதும் இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒருவர் மற்றவருக்காகத் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

ஆட்டத்துக்குக் காரணம் இடிமேகமா தெளிவான காற்றா என்று ஊகிக்காதீர்கள். கேப்டன் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால், அவர் சொன்னதாக எழுதுங்கள்.

விளக்கு, அறிவிப்பு, கப்: எது முன்னே எது பின்னே

பின்னால் கேட்கப்படும் கேள்விகளில் பாதி இந்த வரிசையைப் பற்றியவை. சீட் பெல்ட் விளக்கு எரிந்த பிறகு தேநீர் கொடுத்தீர்களா, கொடுத்த பிறகு விளக்கு எரிந்ததா? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விளக்கு எரியும்போது சூடான பானம் தருவதை முன்பே நிறுத்தியிருந்தது. எஸ்கியூ321-க்குப் பிறகு சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்தியது. எந்த நிறுவனத்தில் இருந்தாலும் உங்கள் கையேட்டில் இதற்கொரு விதி இருக்கும். ஆனால் விளக்கு எரிவதற்கு முன்பே கொடுத்துவிட்ட கப்புகள் என்ன ஆவது? நடைமுறையில் சிக்கல் அங்கேதான். நம் நிகழ்வில் வரிசை இது:

"14:46: 43சி பயணிக்குத் தேநீர் தந்தேன். கப் முக்கால் அளவு, மூடி இல்லை. பால் சேர்த்தது. 14:49: லேசான ஆட்டம். 14:51: சீட் பெல்ட் விளக்கு எரிந்தது, மேற்பார்வையாளர் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்திலும் தமிழிலும் அறிவித்தார். சூடான பான விநியோகத்தை நிறுத்தி, கையிலிருந்த கெட்டிலைப் பின்சமையலறையில் வைத்துப் பூட்டினேன். திரும்பி வந்து கப்புகளை வாங்கத் தொடங்கினேன். 42-ஆம் வரிசைவரை வாங்கியிருந்தேன். 14:52: பலமான ஒரு தூக்கல்."

கப்புகளை வாங்கிக்கொண்டிருந்தேன், 42 வரை வந்திருந்தேன் என்ற அந்த ஒரு வரி உங்கள் அறிக்கையிலேயே மதிப்பு மிக்கது. விளக்கு எரிந்து ஒரு நிமிடத்துக்குள் இத்தனை கப்புகளை மீட்க முடியாது என்பது அதிலிருந்து தெரியவருகிறது. விதியை மாற்றுவதா, மூடி தருவதா, அளவைக் குறைப்பதா என்று யோசிப்பவர்களுக்கு அதுதான் கச்சாப் பொருள்.

தேநீரின் வெப்பநிலையை எண்ணாக எழுத வேண்டாம், அளந்து பார்க்காத எண் அது. கெட்டிலில் எப்போது நிரப்பினீர்கள், பால் கலந்ததா, கொடுத்து எத்தனை நிமிடம் ஆனது என்பது போதும். பறக்கும் கேபினில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறத்தாழ 92–94 டிகிரியில் கொதித்துவிடும். அதனால் "விமானத் தேநீர் அவ்வளவு சுடாது" என்று சிலர் சொல்வார்கள். தப்பு. 70 டிகிரி நீரே ஒரு நொடியில் தோலை ஆழமாகப் புண்ணாக்கிவிடும்.

பயணி பெல்ட் போட்டிருந்தாரா? பார்த்திருந்தால் எழுதுங்கள். பார்க்கவில்லை என்றால் "கவனிக்கவில்லை" என்று எழுதுங்கள். "பயணி அறிவிப்பை மதிக்காததால் காயம் ஏற்பட்டது" என்ற வாக்கியத்தை மட்டும் எழுதாதீர்கள். அது தீர்ப்பு. அந்தப் பெண்மணி சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே மேற்கோளாகப் போடுங்கள். "ஒண்ணும் இல்லம்மா, குடிச்சு முடிச்சிடலாம்னு கையில வச்சிருந்தேன்" என்றார் என்றால் அதையே தமிழில் குறித்து, பக்கத்தில் மொழிபெயர்ப்பையும் வையுங்கள்.

கொப்புளம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடம் இருந்தால், இது இருக்கட்டும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பதின்மூன்றாம் இணைப்பு, "விபத்து" என்றால் என்ன என்று வரையறுக்கிறது. பயணத்துக்காக ஏறியதிலிருந்து எல்லாரும் இறங்கும்வரை விமானத்துக்குள் ஒருவருக்குப் "பலத்த காயம்" ஏற்பட்டால் அது விபத்து. விமானத்தில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் அப்படித்தான். பலத்த காயங்களின் பட்டியலில், எலும்பு முறிவோடும் 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் தங்குவதோடும், தீக்காயத்துக்கென ஒரு வரி இருக்கிறது: இரண்டாம் அல்லது மூன்றாம் நிலைத் தீக்காயம், அல்லது உடல் பரப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் பரவிய எந்தத் தீக்காயமும்.

அந்த "அல்லது"வைப் பாருங்கள். 5 விழுக்காடு என்ற அளவு, தோல் வெறுமனே சிவந்திருக்கும் முதல் நிலைக்குத்தான் தேவைப்படுகிறது. இரண்டாம் நிலைக்கு அளவுக் கட்டுப்பாடே கிடையாது. இரண்டாம் நிலையின் வழக்கமான அடையாளமோ கொப்புளம். ஆக, உள்ளங்கை அளவு சிவப்புக்கும் அதே அளவு கொப்புளத்துக்கும் இடையில், ஒரு சாதாரண நிகழ்வு விசாரணைப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டிய விபத்தாகிவிடுகிறது. அந்த முடிவை நீங்கள் எடுக்கப் போவதில்லை. நிலையை மருத்துவர் சொல்வார், வகைப்படுத்துவதை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கொப்புளத்தை முதலில் பார்க்கப்போவது நீங்கள்தான்.

வெந்நீர்க் காயத்தில் கொப்புளம் உடனே வராமலும் போகலாம். ஆற்றி முடித்ததும் பார்த்தால் சிவப்பு மட்டும் இருக்கும், "சிறு காயம்" என்று மனம் சொல்லிவிடும். அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், தரையிறங்குவதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அளவு, நிறம், கொப்புளம் உண்டா இல்லையா என்று எழுதுங்கள். அளவுக்குப் பயணியின் கையே போதும்: அவருடைய விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அவர் உடல் பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு. ஒரு பெண் பயணியின் தொடை என்பதால், பெண் குரூ ஒருவர் மறைவான இடத்தில் பார்ப்பதே முறை. படம் எடுக்க வேண்டுமென்றால் பயணியின் சம்மதமும் நிறுவனத்தின் விதியும் வேண்டும், சொந்த கைப்பேசியில் எடுக்கவே கூடாது.

"15:25: வலது தொடையின் முன்புறம், பயணியின் ஒரு கையளவு, சிவப்பு, கொப்புளம் இல்லை. வலி இருப்பதாகச் சொன்னார். 15:50: அதே இடத்தில் இரண்டு கொப்புளங்கள், பெரியது இருவிரல் அகலம், உடையவில்லை. 15:52: கேப்டனிடம் தெரிவித்தேன். 16:10: மாற்றமில்லை."

15:52-ஐத் தரையிறங்கிய பிறகு என்று தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? விமானி அறையின் குரல் பதிவுக் கருவி பழைய ரகமாக இருந்தால் கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். புதிய ரகத்தில் 25 மணி நேரம். 14:52-க்கு நடந்ததன் மேல் 16:52-க்குப் புதிய ஒலி பதிவாகத் தொடங்கிவிடும். விமானம் தரையிறங்குவது 16:30. வாயிலுக்குப் போய் நிற்கவே பத்து நிமிடம் ஆகலாம். விபத்தாக இருக்கக்கூடும் என்று கேப்டனுக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் நின்றதும் பதிவைக் காப்பாற்ற ஏற்பாடு செய்ய முடியும். பயணிகள் எல்லாரும் இறங்கி, சக்கர நாற்காலியும் வந்து போன பிறகு, "கேப்டன், அந்த ஆண்டிக்குக் கொப்புளம் வந்திருக்கு" என்று சொன்னால், விளக்கு ஏன் 14:51-க்குத்தான் எரிந்தது என்பதற்கான விமானிகளின் பேச்சு அதற்குள் அழிந்து போயிருக்கும்.

விமானம் இருந்த இடத்தையும் கேப்டனிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாட்டு எல்லைக்கும் உட்படாத கடலுக்கு மேல் நடந்திருந்தால், விசாரணைப் பொறுப்பு விமானம் பதிவான நாட்டுக்கு, அதாவது சிங்கப்பூருக்கு. இந்திய எல்லைக்குள் நடந்திருந்தால் முதல் பொறுப்பு இந்தியாவுக்கு.

இறங்கும்போது

கொப்புளம் இருந்தால், தரையில் மருத்துவ உதவி காத்திருக்கும்படி கேப்டன் வழியாகச் சொல்லி வையுங்கள். "வேண்டாம்மா, மகன் வெளியே நிக்கிறான், வீட்டுக்குப் போயிடறேன்" என்று பயணி மறுத்தால் வற்புறுத்த முடியாது. உதவி தருவதாகச் சொன்ன நேரம், மறுத்த நேரம், உடனிருந்த சாட்சி, இவற்றை எழுதி, நிறுவனத்தின் மறுப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து இருக்கைக்காரர்களில் பார்த்தவர் யாரோ அவருடைய இருக்கை எண்ணும் வேண்டும்.

இழப்பீடு பற்றி வாய் திறக்காதீர்கள், தருவோம் என்றும் தரமாட்டோம் என்றும். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி விமானத்துக்குள் நேர்ந்த விபத்தில் உண்டான உடல் காயத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பு. வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் உண்டு. பயணியின் கவனக்குறைவும் காரணம் என்று நிறுவனம் நிரூபித்தால் தொகை குறையலாம். 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம், விமானத்தில் ஒரு குழந்தை மேல் சூடான காபி கொட்டிய வழக்கில், ஆட்டமே இல்லாவிட்டாலும்கூட அது "விபத்து"தான் என்று சொன்னது. சிங்கப்பூர் நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் அறிக்கையை இரண்டு வருடம் கழித்து ஒரு வழக்கறிஞர் வரி வரியாகப் படிக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. மூடி இல்லை, முக்கால் கப், 42 வரை வாங்கியிருந்தேன் என்ற வரிகளை அவரும் தேடுவார்.

எழுத உட்காரும்போது

ஹோட்டலில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து "நீ என்ன எழுதப்போற?" என்று பேசி ஒரே மாதிரி எழுதாதீர்கள். நான்கு பேர் அறிக்கையிலும் ஒரே வாக்கியம் வந்தால் நான்குமே மதிப்பிழக்கும். உங்கள் நேரம் 14:52, இன்னொருவருடையது 14:53 என்றால் அப்படியே இருக்கட்டும். நீங்கள் பார்க்காததை எழுத வேண்டியிருந்தால், யார் சொன்னார் என்று சேர்த்து எழுதுங்கள்.

தூங்கி எழுந்து எழுதலாம் என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் குறிப்புத்தாளில் இருப்பதையாவது அன்றிரவே ஏற்றிவிடுங்கள். பயணியின் பெயர், மருத்துவ விவரங்கள் படிவத்தில் அவற்றுக்கு உரிய கட்டத்தில் மட்டும் போகட்டும்; விவரிப்பில் "43சி பயணி" போதும். குரூ வாட்ஸாப் குழுவில் எதுவும் போக வேண்டாம்.

சமர்ப்பித்த பிறகு ஏதாவது நினைவுக்கு வந்தாலோ, பயணி சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்ததாகத் தகவல் வந்தாலோ, பழைய அறிக்கையைத் திருத்தாதீர்கள். தேதியும் நேரமும் போட்டுக் கூடுதல் குறிப்பாக அனுப்புங்கள்: யார் சொன்னார், எப்போது சொன்னார், என்ன சொன்னார். காயம் பட்ட ஏழு நாளுக்குள் தொடங்கி 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தாலும் அது பலத்த காயம்தான். விமானத்தில் கொப்புளமே தென்படாத பயணியின் கோப்பு, ஐந்தாம் நாளில் அந்தக் குறிப்பால் மறுபடி திறக்கப்படலாம்.